தரவு அகராதி: நாமக்கல் மாவட்டத்தின் 2011 கணக்கெடுப்புக் கோப்பை முன்வைத்து

தரவு அகராதி என்பது ஒரு தரவுத்தொகுப்பில் உள்ள ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அதன் பெயர், அதில் அடங்கும் மதிப்பின் வகை, அம்மதிப்பு குறிக்கும் பொருள், அதில் இடம்பெறக்கூடிய மதிப்புகள் ஆகியவற்றை வரையறுக்கும் அட்டவணையாகும். சொல்லகராதி சொல்லுக்குப் பொருள் கூறுவதைப் போல இது நெடுவரிசைக்குப் பொருள் கூறுகிறது. ஆனால் சொல்லகராதி வழக்கில் உள்ள பொருளைத் தொகுத்துத் தருவது. தரவு அகராதியோ, தரவைத் திரட்டியவர்கள் முன்கூட்டியே வகுத்துக்கொண்ட பொருளைப் பதிவு செய்வது. அந்தப் பொருள் பொது வழக்கிலிருந்து விலகி நிற்கும் இடங்களில்தான் அகராதி இன்றியமையாததாகிறது. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் 2011 முதன்மைச் சுருக்கக் கோப்பும், அதில் நாமக்கல் மாவட்டத்திற்கு உரிய வரிசைகளும் இதற்குத் தக்க சான்று.

முதன்மைச் சுருக்கம் என்பது நாடு, மாநிலம், மாவட்டம், வட்டம், ஊர் என ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் வரிசைகள் ஒதுக்கி, குடும்பங்களின் எண்ணிக்கை முதல் வேலை செய்யாதோர் எண்ணிக்கை வரை நெடுவரிசைகளில் அடுக்கும் கோப்பு. நெடுவரிசைகளின் பெயர்கள் பெரும்பாலும் சுருக்கக் குறிகளாகவே உள்ளன. குடும்பங்களின் எண்ணிக்கை தவிர மற்ற ஒவ்வோர் எண்ணிக்கையும் மொத்தம், ஆண், பெண் என மும்மூன்று நெடுவரிசைகளாகப் பிரிகிறது. பெயரில் வரும் P, M, F என்ற எழுத்துகள் இவற்றையே குறிக்கின்றன. அகராதியின் சில வரிகளைத் தமிழில் அமைத்தால் அவை பின்வருமாறு இருக்கும்:

```
பெயர்      | வகை      | பொருள்                              | ஏற்கும் மதிப்பு
District   | எழுத்துச்சரம் | மாவட்டக் குறியீடு                   | மூன்று இலக்கம்
Subdistt   | எழுத்துச்சரம் | வட்டக் குறியீடு                     | ஐந்து இலக்கம்
TRU        | எழுத்துச்சரம் | மொத்தம், ஊரகம், நகரம்              | Total, Rural, Urban
P_06       | முழு எண்   | ஏழு வயது நிறையாத குழந்தைகள்        | 0 முதல் TOT_P வரை
P_LIT      | முழு எண்   | ஏழு வயது நிறைந்த எழுத்தறிவுடையோர் | 0 முதல் TOT_P - P_06 வரை
MAIN_HH_P  | முழு எண்   | வீட்டுத்தொழில் முதன்மைத் தொழிலாளர்  | 0 முதல் MAINWORK_P வரை
```

இவற்றுள் வகை என்னும் பகுதியைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. நாமக்கல் மாவட்டத்தின் குறியீடு 609, சேலத்தின் குறியீடு 608. பார்வைக்கு எண்களாகத் தோன்றினாலும் இவற்றைக் கூட்டுவதற்கோ கழிப்பதற்கோ பொருளில்லை என்பதால் அகராதி இவற்றை எழுத்துச்சரம் என்றே வகைப்படுத்த வேண்டும். மாவட்டத்தின் மொத்த வரிசையில் வட்டக் குறியீட்டின் இடத்தில் 00000 என்று இருக்கும். விரிதாள் மென்பொருள் இதை எண்ணாகக் கருதித் திறந்தால் ஐந்து சுழியங்களும் ஒரே சுழியமாகச் சுருங்கிவிடும். அதன்பின் இந்தக் கோப்பை வேறொரு கோப்புடன் குறியீட்டை வைத்து இணைக்க முற்பட்டால் வரிசைகள் பொருந்தாமல் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது, இணைந்த கோப்பில் வரிசைகள் குறைந்திருப்பது மட்டுமே அடையாளம்.

TRU என்ற நெடுவரிசை மூன்று மதிப்புகளை மட்டுமே ஏற்கிறது. ஆயினும் ஒரே மாவட்டம் மூன்று வரிசைகளில் வருகிறது என்பதையும், அவற்றுள் மொத்த வரிசை ஏனைய இரண்டின் கூட்டுத்தொகை என்பதையும் அந்தப் பட்டியல் தானாகச் சொல்லிவிடாது. 2011 கோப்பின்படி நாமக்கல் மாவட்டத்தின் மக்கள்தொகை 17,26,601. மாவட்ட வரிசைகள் மூன்றிலும் உள்ள TOT_P மதிப்புகளை யோசிக்காமல் கூட்டுபவருக்கு 34,53,202 என்ற விடை கிடைக்கும். வட்டம், ஊர் ஆகியவற்றின் வரிசைகளும் சேர்ந்த கோப்பானால் அதே மக்கள் மேலும் பலமுறை எண்ணப்படுவர். எனவே நல்ல அகராதி நெடுவரிசையின் பொருளோடு நின்றுவிடாமல், ஒரு வரிசை எதைக் குறிக்கிறது என்பதையும் தலைப்பிலேயே கூறிவிடுகிறது.

பொருள் வரையறை தவறவிடப்படும்போது நேரும் பிழைக்கு எழுத்தறிவு நெடுவரிசையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. நாமக்கல் மாவட்டத்தின் 2011 எழுத்தறிவு விகிதம் சில இடங்களில் 68.12 விழுக்காடு என்றும், வேறு சில இடங்களில் 74.63 விழுக்காடு என்றும் காணப்படுகிறது. இரண்டும் ஒரே கோப்பிலிருந்து பெறப்பட்டவை, வகுத்தலிலும் பிழையில்லை. கணக்கெடுப்பின் வரையறைப்படி, ஏழு வயது நிறைந்து, ஏதேனும் ஒரு மொழியில் பொருள் உணர்ந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவரே எழுத்தறிவுடையவர். படிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவர் இக்கணக்கில் சேரமாட்டார். இரண்டாம் வகுப்புப் பாடத்தை மளமளவென்று வாசிக்கும் ஆறு வயதுச் சிறுமியும் சேரமாட்டாள். அவள் P_ILL என்ற எழுத்தறிவில்லாதோர் நெடுவரிசையில் இருப்பாள், தொட்டிலில் கிடக்கும் அவளுடைய தம்பியும் அதே நெடுவரிசையில்தான் இருப்பான்.

மாவட்டத்தில் P_LIT ஏறத்தாழ 11,76,000. இதை மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் 68.12 விழுக்காடு வருகிறது. P_06 நெடுவரிசையில் உள்ள 1,50,699 குழந்தைகளை முதலில் கழித்து, எஞ்சிய 15,75,902 பேரால் வகுத்தால் 74.63 விழுக்காடு வருகிறது. மேலே உள்ள எண்ணில் ஏழு வயதுக்குக் குறைந்தவர் ஒருவரும் இல்லாதபோது கீழே உள்ள எண்ணில் மட்டும் அவர்களை வைத்திருப்பது பொருந்தாது என்பதால், கணக்கெடுப்புத் துறை எழுத்தறிவு விகிதமாக வெளியிடுவது இரண்டாவதையே. நாட்டின் விகிதமாகக் கூறப்படும் 72.99 விழுக்காடும் அவ்வாறே குழந்தைகளைக் கழித்துக் கண்டது. 68.12ஐ 72.99உடன் ஒப்பிட்டு நாமக்கல் நாட்டின் சராசரிக்குப் பின்தங்கியது என்று எழுதும் கட்டுரைகள் இந்த ஒரு வரியைப் படிக்காததால் தடம் மாறியவை. ஒரே முறையில் கணக்கிட்டால் மாவட்டம் சராசரிக்கு மேலே நிற்கிறது. P_ILL நெடுவரிசையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். அதில் ஏறத்தாழ ஐந்தரை லட்சம் பேர் காணப்பட்டாலும், குழந்தைகளை நீக்கினால் எழுத்தறிவில்லாதோர் நான்கு லட்சத்தை ஒட்டியே வருவர்.

P_06 என்ற பெயரே இன்னொரு மயக்கத்திற்கு இடம் தருகிறது. ஆறு வயதுக்கு உட்பட்டோர் என்று இதை மொழிபெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. உண்மையில் ஆறு வயது நிறைந்து ஏழு நிறையாதவரும் இதில் அடங்குவர். அவர்கள் அடங்காவிட்டால் மேற்கண்ட கழித்தல் செல்லாது.

தொழிலாளர் நெடுவரிசைகளில் வரையறையின் நுட்பம் இன்னும் கூடுகிறது. கணக்கெடுப்புக்கு முந்தைய ஓராண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர். அதற்குக் குறைவாக வேலை செய்தவர் குறுங்காலத் தொழிலாளர். இவ்விரு பிரிவினரும் பயிரிடுவோர், வேளாண் கூலிகள், வீட்டுத்தொழில் புரிவோர், பிற தொழிலாளர் என நான்காகப் பகுக்கப்படுகின்றனர். CL, AL, HH, OT என்பன முறையே இவற்றின் குறிகள். வீட்டுத்தொழில் என்பதற்கு, குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் நடத்துவதாகவும், வேலை செய்வோரில் பெரும்பகுதியினர் அக்குடும்பத்தவராகவும், பதிவு பெற்ற தொழிற்சாலை என்னும் அளவை எட்டாததாகவும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இடத்தைப் பற்றிய நிபந்தனைதான் ஊரகத்திற்கும் நகரத்திற்கும் வேறுபடுகிறது: ஊரகத்தில் அத்தொழில் வீட்டிலோ அந்தக் கிராமத்தின் எல்லைக்குள்ளோ நடக்கலாம், நகரத்தில் குடும்பம் வசிக்கும் வீட்டு வளாகத்திற்குள் மட்டுமே நடக்க வேண்டும்.

விசைத்தறி ஓடும் குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதியில் இந்த நிபந்தனை எவ்வாறு வேலை செய்கிறது என்பதைக் காணலாம். கணவனும் மனைவியும் சேர்ந்து நான்கு தறி ஓட்டும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டால், தறிகள் வீட்டோடு ஒட்டிய கூடத்தில் இருக்கும்வரை அவர்கள் எங்கு வாழ்ந்தாலும் MAIN_HH_P நெடுவரிசையில் வருவர். அதே தறிகளை அடுத்த தெருவில் வாடகைக்கு எடுத்த கொட்டகையில் நிறுத்தியிருந்தால், கிராம ஊராட்சியில் அவர்கள் இன்னும் வீட்டுத்தொழில் புரிவோர். நகராட்சி எல்லைக்குள் பிற தொழிலாளர். தறியும் மாறவில்லை, நெய்யும் துணியும் மாறவில்லை. வேறொருவருடைய தறிக்கூடத்திற்குக் கூலிக்குச் செல்பவர் பெரும்பாலும் பிற தொழிலாளர் பிரிவிலேயே விழுவார். ஆதலால் MAIN_HH_P மதிப்பை நெசவாளர் எண்ணிக்கையாகக் கொள்வதும், ஒரு கிராமம் நகரமாக வகை மாறிய பின் அம்மதிப்பு குறைந்ததைக் கண்டு நெசவு நலிந்துவிட்டது என்று முடிவு கட்டுவதும் அகராதியை மீறிய வாசிப்புகளாகும்.

பிற தொழிலாளர் என்ற நான்காவது பிரிவு, முதல் மூன்றிலும் அடங்காத அனைவரையும் ஏற்றுக்கொள்வது. 1991 கணக்கெடுப்பில் கால்நடை, வனம், மீன்பிடிப்பு, தோட்டப்பயிர் ஆகியவற்றுக்குத் தனிப்பிரிவு இருந்தது. 2001 முதல் அது இப்பிரிவில் கரைந்துவிட்டது. இதன் விளைவாக நாமக்கல் கோழிப்பண்ணையில் வேலை செய்பவரும், லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைக்காரரும், திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வடநாடு செல்பவரும், பள்ளி ஆசிரியரும் ஒரே எண்ணுக்குள் இருக்கின்றனர். மாவட்டத்திற்கு நாடறிந்த பெயரை ஈட்டித் தந்த தொழில்கள் அதன் கணக்கெடுப்புச் சுருக்கத்தில் தனியே தென்படாமல் போனது இப்படித்தான். பயிரிடுவோர் என்ற பிரிவும் எதிர்பார்ப்புக்கு மாறானது. குச்சிக்கிழங்கு பயிரிடுபவர் அதில் அடங்குவார், அக்கிழங்கை அரைக்கும் சவ்வரிசி ஆலைத் தொழிலாளி பிற தொழிலாளராவார் என்பது வரை எவரும் ஊகிக்கலாம். ஆனால் தேயிலை, காப்பி, ரப்பர், தென்னை, பாக்கு ஆகியவை பயிரிடுதல் என்ற வரையறையிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. ஆகவே பரமத்தி வேலூர்க் காவிரிக்கரையில் வாழை போட்டவர் CL பிரிவிலும், அவருடைய வரப்புக்கு அப்பால் தென்னந்தோப்பு மட்டுமே வைத்திருப்பவர் OT பிரிவிலும் இடம்பெறுவர்.

நெடுவரிசைகளுக்கு இடையிலான உறவுகளையும் முழுமையான அகராதி எழுதி வைக்கிறது. முதன்மைச் சுருக்கத்தில் எந்த வரிசைக்கும் பின்வரும் சமன்பாடுகள் பொருந்த வேண்டும்:

```
TOT_P = TOT_M + TOT_F
TOT_P = P_LIT + P_ILL
TOT_P = TOT_WORK_P + NON_WORK_P
TOT_WORK_P = MAINWORK_P + MARGWORK_P
```

நாமக்கல்லுக்கு முதல் சமன்பாடு 8,69,280 ஆண்களும் 8,57,321 பெண்களும் சேர்ந்து 17,26,601 எனப் பொருந்துகிறது. கோப்பைப் படியெடுக்கும்போது ஒரு நெடுவரிசை இடம் பெயர்ந்திருந்தால் இச்சோதனை அதை உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் தென்னை விவசாயியைப் பயிரிடுவோரில் எழுதிவிட்ட கணக்கெடுப்பாளரின் பிழையை இது காட்டாது. கூட்டுத்தொகை அப்போதும் சரியாகவே இருக்கும்.

அகராதி ஓர் ஆண்டின் கோப்புக்கு மட்டுமே உரியது. 2001 கோப்பில் மாவட்டக் குறியீடு மாநிலத்திற்குள் எண்ணப்பட்ட இரண்டு இலக்கமாக இருந்தது. 2011இல் நாடு முழுவதற்கும் தொடர்ச்சியாக 640 மாவட்டங்களுக்கு மூன்று இலக்கக் குறியீடு வழங்கப்பட்டது. நாமக்கல் சேலத்திலிருந்து பிரிந்து 1997 ஜனவரி 1 முதல் தனி மாவட்டமாக இயங்குவதால் 1991 கோப்பில் அதற்கு வரிசையே கிடையாது. சேலம் என்ற பெயரில் அங்குள்ள வரிசை இன்றைய இரு மாவட்டங்களின் நிலத்தையும் குறிக்கிறது. 2011 கோப்பில் நாமக்கல்லின்கீழ் உள்ள வட்டங்கள் திருச்செங்கோடு, இராசிபுரம், நாமக்கல், பரமத்தி வேலூர் என்ற நான்கே. பின்னர் தனி வட்டமான குமாரபாளையத்தைத் தேடுபவர், அதன் ஊர்களைத் திருச்செங்கோட்டு வட்டத்தின் வரிசைகளில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருக்கும்.