பதினோரு மாதச் சீட்டு பிறந்த கதை

1930-களின் பெருமந்தத்தில் அமெரிக்கக் கடைகளில் ஒரு வழக்கம் பரவியது. கோட்டு வாங்க முழுப் பணம் இல்லாதவர் கொஞ்சம் முன்பணம் கட்டுவார். கடைக்காரர் அந்தக் கோட்டில் அவர் பெயரை எழுதிக் கட்டிப் பின்னறையில் எடுத்து வைத்துவிடுவார். கடைசித் தவணை கட்டிய அன்று, முதல் நாள் பேசிய விலைக்கே கோட்டு கைக்கு வரும். கடனும் இல்லை, வட்டியும் இல்லை. இதுதான் லேஅவே.

நம் ஊர்ப் பாத்திரச் சீட்டும் தீபாவளிச் சீட்டும் இதே குடும்பம்தான். ஆனால் பெரும்பாலும் இங்கே பொருளை யாரும் எடுத்து வைப்பதில்லை. சேர்வது பணம் மட்டும். அந்தப் பணத்தைக் கடைக்காரர் வேறு எதற்கும் திருப்பிவிடலாம்.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கொல்கத்தா பார்த்தது. சாரதா குழுமம் நிலத்துக்கும் வீட்டுக்கும் முன்பணம் என்ற பெயரில் தவணை வசூலித்தது. பொருள் வேண்டாதவருக்குப் பணமே கூடுதலாகத் திரும்பும் என்றது. பெரும்பாலோர் பணத்துக்காகவே கட்டினார்கள். 2013 ஏப்ரலில் எல்லாம் சரிந்தது. வீட்டுவேலை செய்தவர்கள், சிறு கடைக்காரர்கள் எனப் பல லட்சம் பேர் சேமிப்பை இழந்தார்கள்.

மறு ஆண்டு, 2014 ஏப்ரல் 1 முதல், நிறுவனங்கள் வைப்புத்தொகை பெறுவதற்கான புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் அந்தப் பொருளுக்கே ஈடுகட்டிவிட வேண்டும். தவறினால் அது வைப்புத்தொகைக் கணக்கில் சேர்ந்து, அதற்குரிய கட்டுப்பாடுகளும் வந்துவிடும். நகைக்கடைத் திட்டங்கள் பதினோரு மாதத்தில் முடிவது இந்தக் கெடுவுக்குள் அடங்கத்தான்.

சரி, முதல் நாள் விலையைப் பூட்டிவைப்பதால் எவ்வளவு லாபம்? 24,000 ரூபாய் ஃபிரிட்ஜுக்கு மாதம் 2,400 வீதம் பத்து மாதம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதே தொகையை 6.5 சதவீத வட்டியில் வங்கித் தொடர் வைப்பில் போட்டால் சுமார் 700 ரூபாய் வட்டி கிடைக்கும். ஆக, விலை 700 ரூபாய்க்கு மேல் ஏறினால்தான் பூட்டு ஜெயிக்கும். கொல்கத்தாவில் துர்கா பூஜைக்கு முன் கடைகள் தள்ளுபடி தருவது வழக்கம். விலை இறங்கினால், பூட்டிய விலைக்குக் கட்டியவர் ஏமாந்து நிற்பார். வங்கியில் சேர்த்தவர் அன்று எந்தக் கடையிலும் பேரம் பேசலாம். அவர் பணத்துக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடும் உண்டு. கடை திவாலானால், சீட்டுக் கட்டியவர் அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

கையில் இருந்தால் செலவாகிவிடும் என்பவருக்குச் சீட்டு உதவும், மறுக்கவில்லை. ஆனால் முதல் தவணைக்கு முன் ரசீதைப் படியுங்கள். மாடல் எண், முழு விலை, ஓராண்டுக்குள் ஒப்படைக்கும் தேதி, நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பது, இந்த நான்கும் எழுத்தில் இல்லாத கடையில் பணம் கட்டாதீர்கள்.