ஆண்டுச் சந்தா உயர்வும் பழைய சந்தாதாரர்களும்

ஏற்கெனவே சந்தா செலுத்தி வருபவர்களுக்குப் புதுப்பிக்கும்போது கட்டணத்தைக் கூட்டுவதே சந்தா உயர்வு. பழையவர்களை இழக்காமல் இருக்க, அவர்களுக்கு மட்டும் பழைய விலையை நீட்டிக்கும் வழக்கம் உண்டு. இச்சலுகை நினைவில் இருக்கும் வரைதான் பயன்படும். நெட்ஃபிளிக்ஸ் மாதச் சந்தா நிறுவனம்தான். ஆனாலும் அதன் அனுபவம் இங்கே பொருந்தும். 2014 மே மாதம் அமெரிக்காவில் புதியவர்களுக்கு 7.99 டாலரை 8.99 ஆக்கியபோது, பழையவர்களுக்கு இரண்டு ஆண்டு விலக்கு தந்தது. இடையில் 2015இல் கட்டணம் 9.99 ஆனது. 2016இல் விலக்கு முடிந்தபோது பழையவர்களுக்கு ஒரே தாவலில் இரண்டு டாலர் கூடியது. அந்தக் காலாண்டில் விலகியவர்கள் போக நிகரமாக 25 லட்சம் சந்தாதாரர்கள் கூடுவார்கள் என்று எதிர்பார்த்த நிறுவனத்துக்குச் சுமார் 17 லட்சம் பேரே கூடினர். விலக்கு முடிகிறது என்ற செய்தியைச் சிலர் புதிய விலை உயர்வாகவே எடுத்துக்கொண்டார்கள் என்று நிறுவனமே விளக்கியது. இரண்டு ஆண்டு கிடைத்த சலுகையை அவர்கள் சலுகையாக உணரவில்லை.

மென்பொருள் நிறுவனமான ஜெட்பிரெயின்ஸ் நடந்த வழி வேறு. 2015இல் அது சந்தா முறைக்கு மாறுவதாக அறிவித்ததும் எதிர்ப்பு கிளம்பவே, திட்டத்தைத் திருத்தியது. இடைவிடாமல் புதுப்பிப்பவருக்கு இரண்டாம் ஆண்டில் 20 சதவீதமும் மூன்றாம் ஆண்டிலிருந்து 40 சதவீதமும் தள்ளுபடி என்றது. 2022இல் விலையை உயர்த்தும் முன், பழைய விலையிலேயே மூன்று ஆண்டு வரை முன்கூட்டிச் செலுத்த வாய்ப்பளித்தது. இங்கே சந்தாதாரர் தானே முடிவெடுத்துப் பணம் கட்டுகிறார். தள்ளுபடியும் ரசீதில் தெரிகிறது. தள்ளுபடியால் வருமானம் குறையுமே என்பது நியாயமான கேள்வி. குறையும்தான். ஆனால் தொகை முன்னதாகவே கைக்கு வருகிறது, விலகினால் தள்ளுபடி போய்விடும் என்பதால் விலகுபவரும் யோசிப்பார்.

சொல்லாமலே உயர்த்தினால் பலர் கவனிக்க மாட்டார்கள் என்று வாதிடுவோரும் உண்டு. ஆண்டுச் சந்தாவுக்கு அது பொருந்தாது. தொகை பெரிது, ஒரே நாளில் கழிகிறது, வங்கியின் குறுஞ்செய்தி அன்றே வந்துவிடும். முதலில் நிறுவனத்திடமிருந்தே தெரிந்துகொண்டவர் முறையிடுவார்; வங்கியிடமிருந்து தெரிந்துகொண்டவர் ரத்து செய்வார்.

எவ்வளவு இழப்பு தாங்கும்? ஒரு கணக்கு: சந்தா 1,000 ரூபாய், ஒருவருக்கான செலவு 400. வழக்கமாக ஆயிரம் பேரில் 850 பேர் புதுப்பித்தால் மிச்சம் 5,10,000. விலை 1,200 ஆனால் 638 பேர் இருந்தாலே அந்தத் தொகை வந்துவிடும். பெருமளவு உயர்த்தலாம் என்ற துணிச்சலைத் தருவது இந்தக் கணக்குதான். அதன் ஓட்டையும் இதில்தான் இருக்கிறது. விலகியவர்களும் தங்கியவர்களும் ஒரே மாதிரி உறுதியானவர்கள் என்று இது கருதுகிறது. ஐந்தாண்டாகப் புதுப்பிப்பவர்கள் போய், சென்ற ஆண்டு சேர்ந்தவர்கள் தங்கினால், இவ்வாண்டு வரவு சரியாகவே தெரியும். அடுத்த புதுப்பித்தலில் சரியும். ஆகவே சேர்ந்த ஆண்டுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் சென்ற ஆண்டின் அதே மாதப் புதுப்பிப்போடு ஒப்பிட வேண்டும். எல்லோருடைய முறையும் வந்து முடியப் பன்னிரண்டு மாதங்கள் ஆகும்.