ஜூலை 31-ஆ, மார்ச் 31-ஆ? உங்கள் குழந்தை எந்த வகுப்பில் சேரும் என்பதை முடிவு செய்யும் தேதி

ஒரே மருத்துவமனை, ஒரே வார்டு. ஒரு குழந்தை 2021 ஜூலை 31 இரவு பிறக்கிறது. பக்கத்துப் படுக்கையில் இன்னொரு குழந்தை விடிந்தால் ஆகஸ்ட் 1 அன்று பிறக்கிறது. இரண்டுக்கும் சில மணி நேரம்தான் வித்தியாசம். ஆனால் தமிழ்நாட்டில் முதல் குழந்தை 2026-27 கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்பில் சேரலாம். அடுத்த குழந்தை 2027-28 வரை காத்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பை ஒன்று 2038-லும் மற்றொன்று 2039-லும் முடிக்கும்.

அந்தக் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. தலைக்கு மேலே கையைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கக் காதைத் தொட்டுவிட்டால் ஒன்றாம் வகுப்பு. ஆசிரியர் மனதில் தோன்றிய ஒரு தேதியைப் பிறந்த தேதி என்று எழுதிக்கொள்வார். இப்போது பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதிதான் கணக்கு. அதனால் கட்-ஆஃப் தேதி எப்படி வேலை செய்கிறது என்று பெற்றோர் தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

"5 வயசு நடக்குது" வேறு, "5 வயசு முடிஞ்சது" வேறு

பள்ளி அலுவலகங்களில் அதிகம் நடக்கும் குழப்பம் இதுதான். "என் பையனுக்கு 5 நடக்குது சார்" என்று வீட்டில் சொல்வது நான்கு முடிந்து ஐந்தாம் வயதில் இருப்பதைத்தான். பள்ளி கேட்பதோ முடிந்த வயது. அதுவும் இன்றைய தேதியில் அல்ல, குறிப்பிட்ட ஒரு தேதியில் எத்தனை வயது முடிந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டில் அந்தத் தேதி ஜூலை 31. அன்றைக்கு 3 வயது முடிந்திருந்தால் எல்.கே.ஜி., 5 வயது முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. பள்ளி ஜூனில் திறக்கும்போது குழந்தைக்கு 4 வயது 10 மாதம்தான் ஆகியிருந்தாலும் பரவாயில்லை, ஜூலை 31-க்குள் 5 முடிந்தால் போதும்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இட ஒதுக்கீட்டிலும் இதே கணக்குதான். 2024-25 சேர்க்கையில் எல்.கே.ஜி.க்கு 2020 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31 வரை பிறந்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று கேட்கப்பட்டது. ஒன்றாம் வகுப்புக்கு 2018 ஆகஸ்ட் 1 முதல் 2019 ஜூலை 31 வரை.

சேர்க்காமல் ஒரு வருஷம் காத்திருக்கலாமா?

ஜூன், ஜூலையில் பிறந்த குழந்தைகளின் பெற்றோர் பலருக்கும் வரும் யோசனை இது. "ரொம்ப சின்னதா இருக்கான், அடுத்த வருஷம் சேர்த்துக்கலாம்." 5 என்பது குறைந்தபட்ச வயது மட்டுமே. சட்டப்படி கட்டாயக் கல்வி தொடங்குவது 6 வயதில்தான். எனவே ஓராண்டு கழித்துச் சேர்ப்பதில் தவறில்லை.

ஆனால் 25 சதவீத ஒதுக்கீட்டை நம்பியிருக்கும் குடும்பங்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். மேலே சொன்ன தேதிகளை இன்னொரு முறை பாருங்கள். அதில் தொடக்கத் தேதியும் இருக்கிறது, முடிவுத் தேதியும் இருக்கிறது. 2021 ஜூலையில் பிறந்த குழந்தைக்கு 2024-25-இல் எல்.கே.ஜி. வாய்ப்பு இருந்தது. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று விட்டிருந்தால், அடுத்த ஆண்டு அந்தக் குழந்தைக்கு எல்.கே.ஜி. ஒதுக்கீட்டில் வயது தாண்டியிருக்கும். கட்டணம் கட்டிச் சேர்ப்பவர்களுக்குக் காத்திருப்பது ஒரு வசதி. ஒதுக்கீட்டில் சேர்ப்பவர்களுக்கு அது கைவிட்டுப் போகும் வாய்ப்பு.

கேந்திரிய வித்யாலயாவில் கணக்கே வேறு

2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, ஒன்றாம் வகுப்புக்கு 6 வயது என்கிறது. இதை எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2023 பிப்ரவரியில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அதற்கு முன்பே, 2022-23 சேர்க்கையில் கேந்திரிய வித்யாலயா பள்ளிகள் 5-இலிருந்து 6-க்கு மாறிவிட்டன. இதை எதிர்த்துப் பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். டெல்லி உயர் நீதிமன்றம், பிறகு உச்ச நீதிமன்றம் இரண்டுமே 2022 ஏப்ரலில் தலையிட மறுத்துவிட்டன.

கேந்திரிய வித்யாலயாவில் வயது மட்டும் அல்ல, தேதியும் வேறு. அங்கே மார்ச் 31 நிலவரப்படி 6 வயது முடிந்திருக்க வேண்டும். ஏப்ரல் 1 அன்று பிறந்த குழந்தைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

வயது ஓராண்டுதானே கூடுகிறது, வித்தியாசமும் ஓராண்டுதான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படி இல்லை. 2021 ஜூலை 15 அன்று பிறந்த ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம்.

தமிழ்நாட்டுக் கணக்குப்படி 2026 ஜூலை 31-இல் 5 வயது முடிந்துவிடும். ஆகவே 2026-27-இல் ஒன்றாம் வகுப்பு.

கேந்திரிய வித்யாலயா கணக்குப்படி 2026 மார்ச் 31-இல் வயது 4 ஆண்டு 8 மாதம். அதனால் 2026-27-இல் அங்கே பால்வாடிகா வகுப்புக்குத்தான் பொருந்தும். 2027 மார்ச் 31-இல் 5 ஆண்டு 8 மாதம், அப்போதும் போதாது. 2028 மார்ச் 31-இல்தான் 6-ஐத் தாண்டுகிறது. ஆகவே ஒன்றாம் வகுப்பு 2028-29-இல்.

அதாவது முழுதாக 2 ஆண்டு வித்தியாசம். இங்கே அந்தக் குழந்தை மூன்றாம் வகுப்புக்குப் போகும் ஆண்டில், அங்கே ஒன்றாம் வகுப்பில் நுழையும்.

இதே குழந்தை 2021 மார்ச் 10 அன்று பிறந்திருந்தால்? தமிழ்நாட்டில் அதே 2026-27. கேந்திரிய வித்யாலயாவில் 2027 மார்ச் 31-க்குள் 6 முடிந்துவிடுவதால் 2027-28. வித்தியாசம் ஓராண்டுதான்.

காரணம் எளிது. இரண்டு கட்-ஆஃப் தேதிகளுக்கும் நடுவே நான்கு மாதம் இருக்கிறது. அந்த இடைவெளியில், ஏப்ரல் 2 முதல் ஜூலை 31 வரை பிறந்தவர்களுக்கு 2 ஆண்டு வித்தியாசம் வரும். மற்ற மாதங்களில் பிறந்தவர்களுக்கு ஓராண்டு. மத்திய அரசுப் பணியில் இடமாற்றம் வரக்கூடிய குடும்பங்கள் இந்தக் கணக்கை எல்.கே.ஜி. சேர்க்கும்போதே போட்டுப் பார்ப்பது நல்லது.

சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் 6 வயதுதானா?

அப்படி இல்லை. சி.பி.எஸ்.இ. விதிகளின்படி, பள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில அரசு வைத்திருக்கும் வயது வரம்பைத்தான் பின்பற்ற வேண்டும். கேந்திரிய வித்யாலயாவின் விதி அந்தப் பள்ளிகளுக்கு மட்டுமானது. ஆனாலும் தனியார் பள்ளிகளில் சில, மார்ச் 31, மே 31 என்று தாங்களே ஒரு தேதி வைத்துக்கொள்வதும் உண்டு. விண்ணப்பம் வாங்கும்போதே "எந்தத் தேதி நிலவரப்படி வயது பார்க்கிறீங்க?" என்று கேட்டுவிடுங்கள்.

விதி நடுவில் மாறினால்?

கர்நாடகாவில் நடந்ததைப் பார்க்கலாம். 2025-26 முதல் ஜூன் 1 நிலவரப்படி 6 வயது முடிந்தால்தான் ஒன்றாம் வகுப்பு என்று அங்கே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் பழைய வயதுக் கணக்கில் எல்.கே.ஜி. சேர்ந்து யு.கே.ஜி.யும் முடித்த பல குழந்தைகளுக்கு அந்தத் தேதியில் 6 ஆகவில்லை. யு.கே.ஜி.யையே திரும்பப் படிக்க வேண்டிய நிலை. பெற்றோர் எதிர்ப்பு தெரிவித்ததால், அந்த ஓராண்டுக்கு மட்டும் 5 ஆண்டு 5 மாதம் முடிந்திருந்தால் போதும் என்று அரசு தளர்த்தியது.

ஒன்றாம் வகுப்புக்கான வயது உண்மையில் மூன்று வயதிலேயே, எல்.கே.ஜி. சேர்க்கும் அன்றே தீர்மானமாகிவிடுகிறது என்பதற்கு இது உதாரணம்.

முன்கூட்டியே சேர்த்தால் என்ன நஷ்டம்?

"ஒரு வருஷம் மிச்சமாகட்டும்" என்று சீக்கிரம் சேர்ப்பவர்களும் உண்டு. 2022 ஜனவரியில் பிறந்த குழந்தையை எப்படியோ 2026-27-லேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 2038-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடியும். ஆனால் நீட் எழுத, மருத்துவம் சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். இந்தக் குழந்தைக்கு 17 முடிவது 2039 ஜனவரியில். இதே விதி அப்போதும் இருந்தால், மிச்சம் பிடித்த ஓராண்டை அங்கே உட்கார்ந்து கழிக்க வேண்டியதுதான்.

இதைத் தவிர்க்கப் பிறந்த தேதியை மாற்றிக் கொடுப்பது பெரிய ஆபத்து. பள்ளியில் முதலில் பதிவாகும் தேதிதான் எமிஸ் பதிவு, மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் என்று கூடவே வரும். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறந்த தேதிக்கான ஆதாரமே பிறப்புச் சான்றிதழ்தான். அதேநேரம், வயதுச் சான்று கையில் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும் கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொல்கிறது.

வகுப்பிலேயே சின்னக் குழந்தை

தேதி எதுவாக இருந்தாலும், ஒரு வகுப்பில் மூத்த குழந்தைக்கும் இளைய குழந்தைக்கும் கிட்டத்தட்ட ஓராண்டு வித்தியாசம் இருக்கும். தமிழ்நாட்டில் ஆகஸ்டில் பிறந்தவர்கள் மூத்தவர்கள், ஜூலையில் பிறந்தவர்கள் இளையவர்கள். 5 வயதுக் குழந்தைக்கு ஓராண்டு என்பது வாழ்ந்த காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கட்-ஆஃப் தேதி டிசம்பர் 31. அங்கே 9 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஜனவரியில் பிறந்தவர்களைவிட, வகுப்பிலேயே இளையவர்களான டிசம்பர் குழந்தைகளுக்குக் கவனக் குறைபாட்டுக் கோளாறு இருப்பதாகச் சொல்லப்படுவது சிறுவர்களில் 30 சதவீதமும் சிறுமிகளில் 70 சதவீதமும் அதிகமாக இருந்தது. வயதுக்கேற்ற சுட்டித்தனமும் கோளாறாகப் பார்க்கப்படுகிறதோ என்ற கேள்வியை இந்த ஆய்வு எழுப்பியது.

எனவே ஜூலையில் பிறந்த உங்கள் மகள் எழுத்துக் கூட்டத் தடுமாறினால், "பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்லாம் வாசிக்குதே" என்று சொல்வதற்கு முன், அந்தப் பிள்ளை எந்த மாதம் பிறந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஆசிரியரிடமும் குழந்தையின் பிறந்த மாதத்தைச் சொல்லிவையுங்கள்.