தொடர்காட்சிக் கரோசல்

ஒரே அகலப் படத்தைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டி, விரலால் தள்ளும்போது ஒரு ஸ்லைடின் விளிம்பிலிருந்து அடுத்ததற்குக் காட்சி அறுபடாமல் ஓடும்படி அமைப்பது தொடர்காட்சிக் கரோசல். இன்ஸ்டாகிராம் 2017-இல் ஒரே பதிவில் 10 படங்கள் வரை இட வழிசெய்த பிறகு இது பரவியது. 2024-இல் அந்த வரம்பு 20 ஆனது. உத்தி மட்டும் பழையது. மூன்று தாள்களில் ஒரே காட்சியை விரித்த ஜப்பானிய மரச்செதுக்கு ஓவியங்களில், ஒவ்வொரு தாளும் தனியாகவும் பார்க்கத்தக்கதாக இருந்தது.

ஒரு ஸ்லைடுக்கு 1080 × 1350 பிக்சல் என்று கொண்டால், மூன்று ஸ்லைடுகளுக்கு 3240 × 1350 அளவுள்ள படம் வேண்டும். 6000 × 4000 பிக்சல் புகைப்படத்தின் முழு அகலத்தையும் எடுத்தால் உயரத்தில் 2500 மட்டுமே மிஞ்சும். ஆகவே வானத்தையும் தரையையும் தாராளமாக விட்டுப் படமெடுப்பது நல்லது.

சிக்கல் வெட்டு விழும் இடத்தில்தான். மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் ஆளை நிறுத்துவது புகைப்படக்காரர்களின் பழக்கம். மூன்று ஸ்லைடாக வெட்டும்போது கத்தியும் அதே கோட்டில், அதாவது 2000-ஆவது பிக்சலில் விழுந்து முகத்தைப் பிளந்துவிடும். இதற்கு வழி, சற்றுக் குறுகலாக 5400 × 2250 பகுதியை, இடப்பக்கம் 600 பிக்சல் ஒதுக்கிவிட்டு எடுப்பது. அப்போது முதல் வெட்டு 2400-இல் விழும். முகம் முதல் ஸ்லைடுக்குள் பத்திரமாக இருக்கும். 3240 அகலத்துக்குச் சுருக்கிய பிறகு முகத்தின் நடுவுக்கும் வெட்டுக்கும் இடையே 240 பிக்சல் இருக்கும். கடற்கரை, மலைத்தொடர், சாலை, கைப்பிடிச் சுவர் போன்றவை வெட்டைத் தாண்டி ஓடலாம். அடுத்த ஸ்லைடுக்குக் கண்ணை இழுப்பவையும் அவையே. எழுத்து எதுவும் வெட்டின் மேல் வரக்கூடாது.

நிறத்திருத்தம், கூர்மையேற்றம், அளவு மாற்றம் எல்லாம் வெட்டுவதற்கு முன்பே முடிய வேண்டும். துண்டுகளைத் தனித்தனியாகச் சுருக்கினால், விளிம்புப் பிக்சல்களுக்கு அண்டைத் துண்டின் நிறம் தெரியாததால் இணைப்பில் மெல்லிய கோடு தென்படலாம். வெட்டும் வேலையை இமேஜ்மேஜிக் நிரலில் ஒரே கட்டளையில் செய்யலாம்:

```
magick pano.png -crop 1080x1350 +repage slide_%d.png
```

படத்தின் அகலம் 3241 ஆக இருந்தால் ஒரு பிக்சல் அகலத்தில் நான்காவது கோப்பு ஒன்று வரும். அளவு பிசகியதற்கு அதுவே அடையாளம். துண்டுகளை இடைவெளியின்றி அருகருகே வைத்து, வெட்டைத் தாண்டும் அடிவானம் போன்ற நேர்க்கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் மற்ற பிசகுகளும் தெரிந்துவிடும்.

பதிவேற்றும்போது முதல் படத்தின் வடிவ விகிதமே பொதுவாக மற்றவற்றுக்கும் பொருந்தும். செயலி அதைச் சதுரமாக்கிவிட்டால் எல்லாத் துண்டுகளின் தலையும் காலும் போய்விடும். செயலிக்குள் ஒரு ஸ்லைடுக்கு மட்டும் ஃபில்டர் போட்டாலும் தொடர்ச்சி கெடும். சுயவிவரப் பக்கத்தின் கட்டத்தில் முதல் துண்டு மட்டுமே தெரியும். அதனால் முக்கியமான ஆளையோ பொருளையோ அதில் வைப்பதே சரி.