கரிசல் நிலத்தின் மேலும் கீழும்: பட்டாதாரரின் உரிமை எதுவரை?

பழைய கிரயப் பத்திரங்களில் நிலத்தோடு சேர்த்து 'நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம்' என்று தொடங்கும் எட்டுப் போகங்களையும் விற்றதாக எழுதுவது வழக்கம். புதையல், நீர், மரம், கல் எல்லாம் அதில் உண்டு. வானத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கழுகுமலை, கயத்தாறு வட்டாரத்தில் காற்றாலைகளும் உயர்மின் தடங்களும் பெருகிய பிறகு அந்த விடுபாடு பெரிதாகிவிட்டது. மேலே வானம்வரை, கீழே பாதாளம்வரை நிலம் தனக்கே என்று பட்டாதாரர் நினைக்கிறார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கீழே உள்ளதை நிலவுடைமையின் வரலாறு தீர்மானிக்கிறது, மேலே உள்ளதை நிலத்தின் பயன்பாடு தீர்மானிக்கிறது. ஆனால் மேலே அடைத்தால் கீழும் அடைபடும் என்பதால், இழப்பீட்டில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கீழே. திரேசியம்மா ஜேக்கப் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், நிலத்தடிக் கனிமம் முழுவதும் அரசுக்கே சொந்தம் என்று சொல்லும் சட்டம் எதுவும் இல்லை, முறையான சட்ட நடவடிக்கையால் பறிக்கப்படாதவரை அது நில உரிமையோடு சேர்ந்தே செல்லும் என்று தீர்ப்பளித்தது. அது மலபார் ஜன்மி நிலங்களைப் பற்றிய வழக்கு. கழுகுமலை எட்டயபுரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்த ஊர். 1948ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டம், ஜமீன் நிலங்களோடு அவற்றின் சுரங்கங்களும் கனிமங்களும் குவாரிகளும் அரசைச் சேரும் என்று 3ஆம் பிரிவில் வெளிப்படையாகவே சொல்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் ரயத்துவாரி பட்டா பெற்ற கரிசல்காட்டு விவசாயி, மலபார் தீர்ப்பைக் காட்டித் தன் நிலத்தடிக் கல்லுக்கு உரிமை கோருவது கடினம். நீரின் நிலை வேறு. திட்டமான வாய்க்காலாக ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் சேகரித்துப் பயன்படுத்தும் உரிமை நிலவுடைமையாளருக்கு உண்டு என்று 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் 7ஆம் பிரிவின் விளக்கத்தில் கூறுகிறது. மானாவாரிப் பூமியில் எஞ்சியிருக்கும் பெரிய சொத்து அந்த நீர்தான்.

இனி மேலே. 1977இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று, வீட்டுக்கு மேலே பறந்து படமெடுத்த விமானம் அத்துமீறவில்லை என்றும், நிலத்தை வழக்கம்போல் அனுபவிக்கத் தேவையான உயரம்வரைதான் உடைமையாளரின் உரிமை என்றும் தீர்த்தது. இதைக் காற்றாலைக்கும் பொருத்தி, பக்கத்துக் காட்டின்மேல் நீளும் இறக்கை உளுந்தையோ பாசியையோ தொடாதே என்று வாதிடலாம். அந்த வாதம் நில்லாது. விமானம் கடந்து போகிறது. இறக்கை அதே இடத்தில் ஆண்டுக்கணக்கில் சுழல்கிறது. 1987இல் அதே நாட்டில், பக்கத்து மனையின் மேல் சுழன்ற கிரேன் கை எந்தச் சேதமும் செய்யாதபோதும் அத்துமீறல் என்றே தீர்ப்பாயிற்று. நியாயமான உயரத்தில் பறக்கும் விமானத்தின்மீது வழக்குப் போட முடியாதபடி நம் 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டம் 17ஆம் பிரிவில் தடை வைத்தது. காற்றாலை இறக்கைக்கு அத்தகைய விலக்கு இல்லை. ஆகவே பக்கத்துக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டியது நிறுவனத்தின் கடமை.

மின்தடத்தில் நிலைமை இன்னும் கடுமை. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 164ஆம் பிரிவு, 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்ட அதிகாரத்தை மின்தடம் அமைப்பவருக்குக் கொடுக்க வழிசெய்கிறது. கிடைப்பது பயன்பாட்டுரிமை மட்டுமே. நிலம் விவசாயியிடமே இருக்கும், ஏற்பட்ட இழப்புக்கு முழு ஈடு தர வேண்டும். 220 கிலோவோல்ட் தடத்துக்கு வழக்கமான அகலம் 35 மீட்டர். சதுரமான ஓர் ஏக்கரின் பக்கம் ஏறத்தாழ 64 மீட்டர். தடம் நேர் குறுக்கே போனால் பாதிக்கு மேல், சுமார் 55 சென்ட், அதற்குள் விழும். ஏக்கர் 5 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அந்தப் பகுதியின் மதிப்பு 2,75,000 ரூபாய். மத்திய மின்துறை 2015இல் தந்த வழிகாட்டுதலில் தடப்பகுதிக்கு உச்சவரம்பு 15 சதவீதம், அதாவது 41,250 ரூபாய். 2024இல் ஊரகத்துக்கு அது 30 சதவீதமாக உயர்ந்தது; அப்போதும் 82,500 ரூபாய்தான்.

கம்பிக்குக் கீழே விதைத்து அறுக்க முடிகிறதே, முழு மதிப்பை எப்படிக் கேட்பது என்பது எதிர்வாதம். மானாவாரி வெள்ளாமையை மட்டும் கணக்கெடுத்தால் அது நியாயமே. ஆனால் அத்தகைய தடத்தில் கம்பி தரைக்கு 7 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்து வரலாம். அதன்கீழ் ரிக் லாரியின் கோபுரத்தை நிமிர்த்திப் போர் போட முடியாது. தென்னை வைக்க முடியாது. வீடு கட்ட முடியாது. அந்த 55 சென்டில் நீர் கிடைக்கும் இடம் இருந்தால், சட்டம் விவசாயிக்கு விட்டுவைத்த அந்த நீரும் கைக்கெட்டாமல் போகிறது. கனிமம் அரசுடையது, எனவே கீழே இழப்பு எதுவும் இல்லை என்பவர்கள் இந்த நீரை மறந்துவிடுகிறார்கள். கேரள மின்வாரியத்துக்கு எதிரான லிவிஷா வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம், நிலம் இருக்கும் இடம், கம்பிக்கு உள்ள தூரம், கம்பி நிலத்தின்மேல் செல்லும் அளவு, அது நிலத்தின் நடுவே செல்கிறதா என்பது ஆகியவற்றைப் பார்த்தே ஈடு கணிக்க வேண்டும் என்றது. ஒரே சதவீதம் அந்தக் கணிப்புக்கு மாற்றாகாது. போர் போட ஏற்ற இடம் எது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

தொகை போதாதென்று கருதும் விவசாயி தந்திச் சட்டம் 16ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிபதியிடம் மனுச் செய்யலாம். கழுகுமலைக்காரர்களுக்கு அந்த நீதிமன்றம் தூத்துக்குடியில் இருக்கிறது.