லாரி வாடகை பில்: கிலோமீட்டர், காத்திருப்பு, சுங்கம், பேட்டா

ஒரு லோடை ஏற்றி இறக்கியதற்கு லாரி உரிமையாளரோ டிரான்ஸ்போர்ட் நிறுவனமோ சரக்குக்காரருக்குக் கொடுக்கும் கணக்கே வாடகை பில். ஒரே தொகையாகப் பேசி முடிப்பதும் உண்டு. தூரம், காத்திருப்பு, சுங்கம், டிரைவர் பேட்டா என்று தனி வரிகளாகப் பிரித்தால், எந்த வரியில் தகராறோ அது மட்டும் நிற்கும். மற்றதற்குப் பணம் வந்துவிடும்.

கோவையிலிருந்து சென்னைக்கு ஒரு லோடு என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 40 ரூபாய் வீதம் 500 கி.மீ.க்கு 20,000 ரூபாய். காலியாகத் திரும்பும் தூரமும் இதில் அடக்கமா என்பதை முன்கூட்டியே பேசி, பில்லிலும் குறித்துவிட வேண்டும். சென்னைக் குடோனுக்கு வண்டி காலை 7 மணிக்கு வந்தது. இறக்கி முடிந்தபோது பிற்பகல் 3 மணி. முதல் 4 மணி நேரம் இலவசம் என்பது ஒப்பந்தம். மீதி 4 மணி நேரத்துக்கு, மணிக்கு 200 வீதம், 800 ரூபாய்.

பெரும்பாலான சண்டை இந்தக் காத்திருப்பு வரியில்தான். வண்டி கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்ற நேரத்தைக் குடோன்காரர் கணக்கில் எடுக்கமாட்டார். உள்ளே விட்ட நேரத்திலிருந்துதான் எண்ணுவார். அதனால் எல்ஆர் நகலில் வந்த நேரம், உள்ளே விட்ட நேரம், வெளியேறிய நேரம் மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குவது டிரைவரின் வேலை. கையெழுத்தில்லாத மணிக்கணக்கை வசூலிப்பது கடினம்.

சுங்கத்துக்கு ஃபாஸ்டேக் கணக்கு அறிக்கையே சான்று. சாவடியின் பெயர், கடந்த நேரம், கழிந்த தொகை மூன்றும் அதில் இருக்கும். 24 மணி நேரத்துக்குள் அதே சாவடி வழியாகத் திரும்பினால், போகவர இரண்டுக்கும் சேர்த்து ஒருவழிக் கட்டணத்தில் ஒன்றரை மடங்குதான். இரண்டு முழுக் கட்டணம் போட்ட பில்லை, அறிக்கையை வைத்துப் பார்த்தால் உடனே பிடித்துவிடலாம். நம் எடுத்துக்காட்டில் போகும் வழிச் சுங்கம் மட்டும் 2,140 ரூபாய் என்று கொள்வோம்.

பேட்டா நாள் கணக்கு: 2 நாளுக்கு, நாளுக்கு 600 வீதம், 1,200 ரூபாய். வண்டி முழு நாளும் நிறுத்தப்பட்டால் அந்த நாளின் ஹால்டிங் கட்டணத்திலேயே பேட்டா அடங்கியிருக்கக்கூடும். பார்க்காமல் போட்டால் ஒரே நாளுக்கு இரண்டு முறை வாங்கியதாகிவிடும். இறக்கும் இடத்தில் டிரைவர் கையில் பணம் கொடுத்திருந்தால் அதையும் கழிக்க வேண்டும்.

மொத்தம் 24,140 ரூபாய். எல்ஆர் கொடுத்துச் சரக்கு எடுக்கும் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தின் பில்லில், சரக்குக்காரரே 5 சதவீத ஜிஎஸ்டி கட்டும் முறை இருந்தால், வரி இந்த முழுத் தொகைக்கும் சேரும்: 1,207 ரூபாய். சுங்கத்தைத் தனி வரியில் எழுதியதால் மட்டும் அது வரிக்கு வெளியே போகாது. தன் வண்டியை ஓட்டுவதற்கு ஆன செலவை வாடகையோடு வசூலிக்கும்போது, அதுவும் சேவையின் மதிப்பிலேயே சேர்கிறது. எல்ஆர் கொடுக்காமல் லோடு அடிக்கும் தனி லாரிக்காரரின் வாடகைக்கு ஜிஎஸ்டி இல்லை.