குறையறி சோதனை: சேலம், நாமக்கல் பகுதியின் முதலாண்டுக் கணித வகுப்பில்

குறையறி சோதனை என்பது ஒரு பாடத்தைத் தொடங்குமுன், அந்தப் பாடத்துக்கு அடித்தளமான முன்னறிவு மாணவரிடம் இருக்கிறதா, இல்லையென்றால் எந்த இடத்தில் இல்லை என்று பார்க்க வைக்கும் சிறு வினாத்தாள். ஆசிரியப் பயிற்சி நூல்கள் இதை அடைவுச் சோதனையிலிருந்து பிரித்துப் பேசும். அடைவுச் சோதனை, நடத்திய பாடத்தில் மாணவர் எவ்வளவு கற்றார் என்று அளக்கிறது. குறையறி சோதனை, இன்னும் நடத்தாத பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்று ஆசிரியருக்குச் சொல்கிறது. அதனால் இதற்கு மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி தோல்வி கிடையாது. கண்ட குறையைச் சரிசெய்யும் வேலைக்குக் குறைதீர் கற்பித்தல் என்று பெயர்.

தமிழ்நாட்டில் இது பரவலாகத் தெரிந்தது தொடக்கப் பள்ளிகள் வழியே. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்கு முதலில் ஓர் அடிப்படை மதிப்பீடு நடத்தி, அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் அவர்களை வைத்துக் கற்பித்தார்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தை அரும்பு நிலையில் இருந்தால் அதற்கு அரும்புப் பயிற்சிதான். ஆனால் சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தச் சோதனைக்கு மிகப் பொருத்தமான இடம் பொறியியல் கல்லூரியின் முதலாண்டுக் கணித வகுப்பு. அதற்கு ஊரின் பள்ளிக்கல்வி வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது.

பிளஸ் ஒன் என்ற பள்ளம்

தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத்தேர்வு 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து இல்லாமல் போனது. அதன்பின் கலந்தாய்வு, பிளஸ் டூ கணித மதிப்பெண்ணை 100க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50க்கும் மாற்றிக் கூட்டிய 200ஐ மட்டுமே பார்த்தது. பதினொன்றாம் வகுப்பு எந்தக் கணக்கிலும் வரவில்லை. மாநில அளவில் முதலிடங்களைக் குவித்துப் பெயர் வாங்கிய நாமக்கல் வட்டார உறைவிடப் பள்ளிகள் இந்த ஏற்பாட்டின் தர்க்கத்தை மற்றவர்களுக்கு முன்பே புரிந்துகொண்டன. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டு, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே திரும்பத் திரும்ப எழுத வைக்கும் வழக்கம் தனியார் பள்ளிகள் பலவற்றில் பரவியது.

இதைத் தடுக்கவே 2017 மே மாதம் அரசு பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு அறிவித்தது. முதல் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. அதே ஆண்டிலேயே, உயர்கல்விச் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் சேராது என்று அரசு முடிவை மாற்றிக்கொண்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வையே விலக்கிவிட்டது. ஆகவே கணித ஆசிரியருக்குப் பழைய ஐயம் மறுபடி வந்திருக்கிறது: 195 கட்-ஆஃபோடு வந்து உட்கார்ந்திருக்கும் மாணவருக்குப் பதினொன்றாம் வகுப்புக் கணிதம் தெரியுமா?

இந்த ஐயம் ஏன் கணிதத்தில் கடுமையாக இருக்கிறது என்பதைப் புத்தகத்தைப் புரட்டினால் தெரிந்துகொள்ளலாம். 2018இல் வந்த மாநிலப் பாடநூலில் எல்லை, தொடர்ச்சி, வகையிடும் முறைகள், தொகையிடல் எல்லாம் பதினொன்றில் இருக்கின்றன. பன்னிரண்டில் இருப்பவை அவற்றின் பயன்பாடுகள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் முதல் பருவக் கணிதம் அணிகளும் நுண்கணிதமுமாக இருந்தது. அதாவது கல்லூரிப் பாடம் நேராகப் பதினொன்றாம் வகுப்பின் தோள்மேல் ஏறி நிற்கிறது. இடையில் ஒரு ஆண்டு மனப்பாடமாக இருந்தால் பிளஸ் டூ விடைத்தாளில் அது தெரியவே தெரியாது.

வினாத்தாளை அமைத்தல்

வழக்கமான பிழை, பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தின் அத்தியாயங்களை வரிசையாக எடுத்து ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்வி கேட்பது. அது இன்னொரு தேர்வாகிவிடும். செய்ய வேண்டியது தலைகீழ் வேலை: முதல் ஆறு வாரத்தில் வகுப்பில் நடத்தப்போகும் கணக்குகளைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கணக்கிலும் ஆசிரியர் விளக்காமலே கடந்துபோகும் வரி எது என்று தேட வேண்டும். ஐகென் மதிப்பு காணும் கணக்கில் அணிக்கோவையை விரிப்பதும், கிடைக்கும் முப்படிச் சமன்பாட்டுக்கு மூலம் காண்பதும் அப்படிப்பட்ட வரிகள். இரட்டைத் தொகையீட்டில் y = x, y = x² என்ற இரண்டு வளைவரைகளையும் வரைந்து நடுப்பகுதியை நிழலிடுவது அப்படிப்பட்ட வரி. இப்படித் தேடினால் ஐந்தாறு திறன்களுக்கு மேல் வராது. திறனுக்கு இரண்டு வினா வீதம் பன்னிரண்டு வினா, இருபத்தைந்து நிமிடம் போதும்.

ஒரு திறனுக்கு இரண்டு வினா வைப்பதற்குக் காரணம் குருட்டு ஊகம். மூன்று விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் மூன்றில் ஒருமுறை சரியாகும். இரண்டும் சேர்ந்து சரியாவதற்கு ஒன்பதில் ஒரு வாய்ப்புத்தான்.

உண்மையான உழைப்பு தவறான விடைகளை எழுதுவதில் இருக்கிறது. ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட பிழையின் முகவரியாக இருக்க வேண்டும். 1992இல் ஹெஸ்டனஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹேமர் மூவரும் இயற்பியலுக்காக வெளியிட்ட விசைக் கருத்துச் சோதனை இதற்கு நல்ல முன்மாதிரி. மாணவர்கள் உண்மையாகவே நம்பும் தவறுகளையே அவர்கள் விடைகளாக வைத்தார்கள். சங்கிலி விதிக்கு ஒரு வினாவை இப்படி அமைக்கலாம்:

```
y = sin(x²)  எனில்  dy/dx = ?
அ) cos(x²)
ஆ) 2x cos(x²)
இ) cos(2x)
ஈ) இதைப் படித்ததில்லை
```

அ என்று குறித்தவர் வெளிச்சார்பை மட்டும் வகையிட்டு நிறுத்திவிட்டார். இ என்று குறித்தவர் உள்ளே இருப்பதை வகையிட்டு உள்ளேயே வைத்துவிட்டார். இரண்டும் வேறுவேறு நோய். ஈ இந்தச் சோதனையின் உயிர்நாடி. பாடமே நடக்காததையும் நடந்து மறந்ததையும் பிரித்துக்காட்டும் கருவி தாளில் வேறு இல்லை. அதைக் குறிக்க மாணவர் வெட்கப்படாமல் இருக்க, வினாத்தாளின் தலைப்பில் "ஈ குறித்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்" என்று ஒரு வரி எழுதிவைப்பது நல்லது.

வினாக்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு பொறியியலுக்கு 2021இல் வந்ததிலிருந்து, வகையிடல் என்றால் விளங்கி ‘டிஃபரன்ஷியேட்’ என்றால் திகைக்கும் மாணவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் கேட்டால் அளக்கப்படுவது ஆங்கிலம். தாளின் மேலே மாநிலப் பாடத்திட்டமா, சிபிஎஸ்இ-யா என்றும் கேட்க வேண்டும். சிபிஎஸ்இ-யில் சங்கிலி விதி பன்னிரண்டில் வருவதால் அதே தவறுக்கு அங்கே பொருள் வேறு.

ஒரு வகுப்பின் தாளைப் படித்தல்

அறுபது பேர் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். மேலேயுள்ள வினாவுக்கு 22 பேர் சரி, 24 பேர் அ, 5 பேர் இ, 9 பேர் ஈ. இணை வினா (3x + 1)⁵ என்பதை வகையிடச் சொல்கிறது. அதில் 3ஆல் பெருக்க மறந்து 5(3x + 1)⁴ என்ற விடையை அந்த 24 பேரில் 20 பேர் குறித்திருக்கிறார்கள். அப்படியானால் அது கைத்தவறு இல்லை, உறைந்துபோன பிழை. நாற்பது நிமிட வகுப்பு ஒன்றில் அதைச் சரிசெய்ய முடியும். இ குறித்த ஐவர் இணை வினாவில் ஆளுக்கொரு விடை குறித்திருந்தால் அது ஊகம், அதை வைத்து எதுவும் முடிவுசெய்யக் கூடாது.

ஒன்பது பேர்தான் கவனிக்க வேண்டியவர்கள். அவர்களில் ஏழு பேர் எல்லை காணும் வினாவிலும், பகுதித் தொகையிடல் வினாவிலும் ஈ குறித்திருந்து, பன்னிரண்டாம் வகுப்புக்கு உரிய பெருமம் சிறுமம் கணக்கை மட்டும் சரியாகப் போட்டிருந்தால் கதை வெளிச்சமாகிவிடுகிறது. அந்த ஏழு பேருக்குப் பதினொன்றாம் வகுப்பு நடக்கவில்லை. அவர்களுக்குச் சங்கிலி விதியிலிருந்து தொடங்கிப் பயனில்லை, எல்லையிலிருந்து தொடங்க வேண்டும். ஈ என்ற குறி ஆளுக்கு ஓரிடமாகச் சிதறிக் கிடந்தால் அது பெரும்பாலும் மறதி. மார்ச்சில் தேர்வு எழுதிவிட்டு, கலந்தாய்வு முடிந்து ஆகஸ்ட், செப்டம்பரில் வந்து உட்காருகிறவருக்கு மறதி வராமல் இருந்தால்தான் வியப்பு. இதை உறுதிசெய்ய எளிய வழி, ஒரு மணி நேரம் மீள்பார்வை நடத்தி இரண்டே வினாவை மறுபடி கேட்பது. மறந்தவர் மீண்டுவிடுவார், படிக்காதவர் அப்படியே இருப்பார்.

இந்த வாசிப்பில் கூட்டுத்தொகைக்கு எங்கும் வேலையில்லை என்பதைக் கவனிக்கலாம். பன்னிரண்டுக்கு ஏழு என்று எழுதிய நொடியில், யாருக்கு எது தெரியாது என்ற செய்தி அழிந்துபோகிறது. ஏழு வாங்கிய இருவருக்கும் குறை ஒரே இடத்தில் இருக்க வேண்டியதில்லை. தாளில் மொத்தம் எழுதும் கட்டத்தையே அச்சிடாமல் விடுவது பாதுகாப்பு.

கெடும் இடங்கள்

மதிப்பெண் இல்லை என்று சொன்னால் மட்டும் இந்தப் பகுதி மாணவர்கள் நம்புவதில்லை, அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. தினத்தேர்வு, வாரத்தேர்வு, பலகையில் ஒட்டிய வரிசை, அப்பாவுக்குப் போகும் போன் என்று இரண்டு ஆண்டு வளர்ந்தவருக்குத் தாள் என்றாலே தண்டனைதான். பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுவார்கள். அடுத்தடுத்த இருக்கைகளில் ஒரே தவறான விடைகள் ஒரே வரிசையில் வந்தால் அதுதான் அடையாளம். சரியான விடைகள் ஒத்துப்போவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வினா வரிசையை மாற்றி இரண்டு தொகுதி அச்சிட்டால் பாதி தீரும். மீதி தீர, முடிவை இரண்டு நாளுக்குள் வகுப்பிலேயே காட்ட வேண்டும்: பெயர் இல்லாமல், வினாவாரியாக, "இந்தக் கணக்கில் 24 பேர் இந்த இடத்தில் நின்றிருக்கிறீர்கள், அதனால் நாளை இதை நடத்துகிறேன்" என்று. தாள் உள்மதிப்பீட்டுக் கோப்புக்குப் போகவில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும்.

நேரம் இல்லை என்பது அடுத்த தடை. அண்ணா பல்கலைக்கழகத்தின் முதல் பருவத்தில் அறிமுக வாரங்களுக்கென்று ஒதுக்கிய நாள்கள் இருக்கின்றன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு மூன்று வாரத் தொடக்கப் பயிற்சியைப் பரிந்துரைத்ததும் இதற்கு இடம் தருகிறது. சோதனை அந்த நாள்களின் முதல் வாரத்தில் வர வேண்டும். பருவம் தொடங்கி ஒரு மாதம் கழித்து வைத்தால், அதற்குள் நடத்திய பாடமும் பழைய குறையும் கலந்துபோய், எது எதனால் வந்தது என்று பிரிக்க முடியாமல் போகும். குறைதீர் வகுப்புக்கு நேர அட்டவணையில் இடம் உறுதியான பிறகே வினாத்தாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டு ஒன்றும் செய்யாத சோதனையை அடுத்த ஆண்டு மாணவர்கள் சீனியர்களிடம் கேட்டே தெரிந்துகொள்வார்கள், ஈ கட்டத்தை ஒருவரும் தொட மாட்டார்கள்.